வேலை போனால் லோனை யார் கட்டுவது?

கார் லோனோ, வீட்டு மோட்கேஜோ, கிரெடிட் லைனோ எதற்குக் கையெழுத்துப் போட்டாலும் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது வங்கியில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார். "வேலை போனால் நாங்களே மாதக் கட்டணத்தைக் கட்டுவோம், சேர்த்துவிடவா?" மாதம் பத்து இருபது டொலர்தான். எதிரே காரின் சாவி இருக்கிறது, பிள்ளைகளை டேகேயரில் இருந்து எடுக்க ஐந்தரைக்குள் போக வேண்டும். பெரும்பாலான ஆட்கள் "சரி" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

எங்கள் அம்மா அப்பா இந்த நாட்டுக்கு வந்தபோது அவர்களுக்கு வேலைஇழப்புக் காப்புறுதி என்றால் ஊர்ச் சீட்டும் சொந்தக்காரரும்தான். அப்பாவுக்கு இரண்டு தரம் வேலை போனது. இரண்டு தரமும் அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாடகையை மாமா கட்டினார். அதற்குப் பேப்பர் எதுவும் இருக்கவில்லை. எங்கள் தலைமுறைக்கு மாமாவும் இருக்கிறார், பேப்பரும் இருக்கிறது. மாமாவுக்கும் இப்போது தன் மோட்கேஜ் இருக்கிறபடியால், அந்தப் பேப்பர் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. போன வருடங்களில் என் தம்பி வீட்டில் நடந்ததை வைத்து இதை எழுதுகிறேன். அவனிடம் அனுமதி கேட்டேன். "பேரைப் போடாமல் எழுதுங்கோ அக்கா" என்றான்.

காசு யாருக்குப் போகிறது

முதலில் இந்தக் காப்புறுதி எதைக் கட்டும் என்று பார்ப்போம். இதில்தான் எங்கள் ஆட்களுக்கு அதிகக் குழப்பம்.

கனடாவில் அரசாங்கம் நடத்தும் ஈஐ வேறு, இது வேறு. ஈஐ உங்கள் கையில் காசு தரும். வாடகையோ, அரிசியோ, பிள்ளையின் நீச்சல் வகுப்போ, உங்கள் விருப்பப்படி செலவழிக்கலாம். லோனோடு ஒட்டி வரும் வேலைஇழப்புக் காப்புறுதி உங்கள் கைக்கு ஒரு சதமும் தராது. காப்புறுதிக் கம்பனி நேரே கடன் கொடுத்த வங்கிக்குக் கட்டும். அதுவும் அந்த ஒரு லோனின் மாதக் கட்டணத்தை மட்டும். கார் லோனில் எடுத்த காப்புறுதி மோட்கேஜைத் தொடாது. கார் இன்சூரன்ஸையும் பெற்றோலையும் கூடத் தொடாது.

இரண்டாவது, அது கடனை முடித்து வைப்பதில்லை. உயிர்க் காப்புறுதிப் பகுதி என்றால், ஆள் இறந்தால் மிச்சக் கடனைக் கட்டி முடிக்கும். வேலைஇழப்புப் பகுதி சில மாதங்களுக்கு மட்டும் தவணையைக் கட்டும். ஒரு தரத்துக்கு ஆறு மாதம் என்பது பரவலாக இருக்கும் எல்லை. அதோடு மாதத்துக்கு இவ்வளவு டொலருக்கு மேல் இல்லை என்று ஒரு உச்சமும் இருக்கும். கிரெடிட் கார்டில் என்றால் பாக்கியில் ஒரு சிறு வீதத்தைத்தான் மாதாமாதம் கட்டும். வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, காத்திருப்புக் காலம். வேலை போன மறுநாளே காசு வராது. முப்பது நாளோ அறுபது நாளோ நீங்கள் தொடர்ந்து வேலையில்லாமல் இருக்க வேண்டும். சில திட்டங்கள் அந்தக் காலம் முடிந்த பிறகு பின்னுக்குப் போய் அந்த மாதங்களையும் கட்டும். பல திட்டங்கள் அப்படிக் கட்டாது. உங்களுடையது எது என்று காப்புறுதிச் சான்றிதழில்தான் இருக்கும். வங்கி தரும் பளபளப்பான மடிப்புத் தாளில் இருக்காது.

தம்பியின் கணக்கு

தம்பி 2022 செப்டெம்பரில் ஒரு வான் எடுத்தான். இரண்டாவது பிள்ளை பிறந்த நேரம். கடன் 30,000 டொலர், வட்டி ஏழரை வீதம், ஐந்து வருடம். மாதக் கட்டணம் 601 டொலர். வேலைஇழப்புப் பகுதிக்கு மாதம் 18 டொலர் பிரீமியம். அதற்கு மேல் ஒன்ராறியோவின் எட்டு வீத விற்பனை வரி. வீட்டில் தனியாக எடுக்கும் ஆயுள் காப்புறுதிக்கு இந்த வரி இல்லை. வங்கிக் கடனோடு வருவது குழுக் காப்புறுதி என்பதால் வரி உண்டு. ஆக மாதம் 19 டொலர் 44 சதம். ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் 1,166 டொலர்.

அதிகபட்சமாகத் திரும்பி வரக்கூடியது ஆறு மாதத் தவணை, அதாவது 3,606 டொலர். ஐந்து வருடத்தில் ஒரு தரம் நீண்ட நாள் வேலை போனால் லாபம். போகாவிட்டால், அல்லது இரண்டு மாதத்துக்குள் புது வேலை கிடைத்துவிட்டால், கட்டியது கட்டியதுதான்.

2024 மார்ச்சில் அவன் வேலை செய்த வேர்ஹவுஸில் ஆட்களைக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள். அவன் அங்கே நாலு வருடம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கடிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு வழி. தானாக விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் எட்டுக் கிழமைச் சம்பளம். போடாவிட்டால் லே-ஓஃப், சட்டப்படி நாலு கிழமைச் சம்பளம். ஒன்ராறியோச் சட்டத்தில் நாலு வருட வேலைக்கு நாலு கிழமை நோட்டிஸ் அல்லது அதற்கான சம்பளம். ஐந்து வருடம் முடியாததால் தனியாக வரும் செவெரன்ஸ் அவனுக்கு இல்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்தான். "எட்டு நல்லதுதானே அக்கா? எப்படியும் அனுப்பத்தான் போறாங்கள்."

அம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. "தானா விட்டன் எண்டு ஏன் எழுதிக் குடுக்க வேணும்? நீ விடேல்லையே," என்றா. அம்மாவுக்குக் காப்புறுதி பற்றித் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருந்தது.

ஒரு கிழமைக்கு அவன் சம்பளம் 1,150 டொலர். எட்டுக்கும் நாலுக்கும் வித்தியாசம் 4,600 டொலர், வரிக்கு முன். இது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தில், தானாக விலகினால் என்னென்ன போகும் என்று ஒரு தாளில் எழுதினோம்.

முதலாவது ஈஐ. நியாயமான காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு ஈஐ இல்லை. ஆட்குறைப்புக்காக முறைப்படி நடத்தப்படும் விலகல் திட்டங்களுக்கு ஈஐயில் தனி விதி இருக்கிறது. ஆனால் அவனுக்குக் கொடுத்த கடிதத்தில் அப்படி ஒரு திட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "என் சொந்த விருப்பத்தில்" என்ற வரி மட்டும்தான் இருந்தது. அவனுடைய சம்பளத்துக்கு ஈஐ 55 வீதம், கிழமைக்கு 632 டொலர். எட்டுக் கிழமை ஈஐ போனாலே அந்த 4,600 டொலர் மறைந்துவிடும்.

இரண்டாவது லோன் காப்புறுதி. சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். "இராஜினாமா, விருப்ப ஓய்வு, அல்லது விருப்பத்தின் பேரில் வேலையைக் கைவிடுதல்" என்று விலக்குகளின் முதல் வரியிலேயே இருந்தது. கம்பனி நெருக்கியதா இல்லையா என்று காப்புறுதிக்காரர் வந்து விசாரிக்கப் போவதில்லை. உங்கள் கையெழுத்து உள்ள கடிதத்தைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தம்பி கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தான். ஏப்ரல் 5 அவனுடைய கடைசி நாள்.

எழுத்து ஒன்று மாறினால்

இங்கே வேலையை விட்டு வந்ததும் முதலாளி ஒரு வேலைப் பதிவு அனுப்ப வேண்டும். ரெக்கோர்ட் ஒப் எம்ப்ளோய்மென்ட் என்பார்கள், சுருக்கமாக ஆர்ஓஈ. ஈஐக்கு அதுதான் அடிப்படை. லோன் காப்புறுதிக்காரரும் முதலில் கேட்பது அதைத்தான். அதன் 16ஆம் பெட்டியில் வேலை போன காரணம் ஓர் ஆங்கில எழுத்தாக இருக்கும். A என்றால் வேலை இல்லாமை. E என்றால் தானாக விலகியது. M என்றால் முதலாளி நீக்கியது. K என்றால் வேறு காரணம்.

தம்பிக்கு K வந்தது. வேண்டுமென்று செய்தார்களா, சம்பளக் கணக்குப் பார்த்தவர் கவனிக்காமல் போட்டாரா தெரியாது. ஆனால் K என்று வந்தால் காப்புறுதிக்காரர் காரணத்தை விசாரிப்பார்கள், கோப்பு ஒரு மூலையில் கிடக்கும். அவன் கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதி, லே-ஓஃப் கடிதத்தின் படத்தையும் இணைத்து, திருத்திய பதிவு கேட்டான். பன்னிரண்டு நாளில் A என்று திருத்தி அனுப்பினார்கள். இந்தப் பதிவை உங்கள் 'மை சேர்விஸ் கனடா' கணக்கில் நீங்களே பார்க்கலாம். வேலை போன முதல் கிழமையிலேயே போய் 16ஆம் பெட்டியைப் பாருங்கள். பிறகு க்ளெய்ம் படிவத்தை நிரப்புங்கள்.

க்ளெய்முக்கு அவன் கொடுத்தவை நாலு. காப்புறுதிக்காரரின் படிவம், அதில் ஒரு பக்கத்தை முதலாளி நிரப்ப வேண்டும். ஆர்ஓஈ. லே-ஓஃப் கடிதம். ஈஐ கிடைக்கிறது என்பதற்கான அத்தாட்சி. பிறகு மாதாமாதம், இன்னும் வேலையில்லை, வேலை தேடுகிறேன் என்று ஒரு சிறு படிவம். ஒரு மாதம் அதை அனுப்பப் பிந்தினால் அந்த மாதத் தவணை நிற்கும். வங்கிக்குத் தவணை பிந்தினால் உங்கள் கிரெடிட் ஸ்கோரில்தான் கறுப்பு விழும், காப்புறுதிக்காரருக்கு அல்ல. ஆகையால் க்ளெய்ம் போட்டாயிற்று என்று கட்டுவதை நிறுத்தக் கூடாது. ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வரும் வரை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அவனுடைய திட்டத்தில் காத்திருப்பு அறுபது நாள், கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து. ஏப்ரல் 5இல் இருந்து அறுபது நாள் ஜூன் 4இல் முடிந்தது. தவணை ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி. ஏப்ரல், மே தவணைகளை அவனே கட்டினான். அந்த நாலு கிழமைச் சம்பளம் முடியும் வரை ஈஐயும் தொடங்கவில்லை, அதற்குப் பிறகு ஈஐக்கும் ஒரு கிழமை காத்திருப்பு. அந்த இரண்டு மாதம்தான் மிக நெருக்கம். சரியாக அந்த நேரத்தில் இந்தக் காப்புறுதி உதவவில்லை.

ஜூன், ஜூலை, ஓகஸ்ட் தவணைகளைக் காப்புறுதி கட்டியது. செப்டெம்பர் 3 புது வேலை. மூன்று தவணை, 1,803 டொலர். அதற்கு முன் இருபது மாதம் அவன் கட்டிய பிரீமியம் 388 டொலர் 80 சதம். கணக்கில் லாபம்தான். கோடை முழுக்க வான் வீட்டு வாசலில் நின்றது. அது இல்லாவிட்டால் அவன் மனைவி விடியக் காலை வேலைக்குப் போயிருக்க முடியாது.

தகுதியில்லாதவருக்கு விற்ற காப்புறுதி

அவன் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறாள், ஒரு ஏஜென்சி மூலமாக. ஒரு கிழமை முப்பது மணித்தியாலம், அடுத்த கிழமை பன்னிரண்டு. ஏஜென்சி அவளை ஒப்பந்தக்காரராகத்தான் வைத்திருக்கிறது. லோன் இருவர் பேரிலும் இருந்தது. தம்பியின் க்ளெய்முக்காக வங்கிக் கூற்றைப் பார்த்தபோது வேலைஇழப்புப் பிரீமியம் இரண்டு தரம் போவது தெரிந்தது. அவளுக்கும் 19 டொலர் 44 சதம்.

அதே சான்றிதழில் யார் வேலைஇழப்புப் பகுதிக்குத் தகுதி என்று எழுதியிருந்தது: ஒரே முதலாளியிடம் நிரந்தரமாக, கிழமைக்குக் குறைந்தது இருபது மணித்தியாலம். சுயதொழில், ஒப்பந்தம், பருவ வேலை ஆகியவை இல்லை. அவளுக்கு நாளைக்கே எல்லா ஷிஃப்டும் நின்றாலும் ஒரு சதம் வராது. சேரும்போது அவளிடம் வேலை எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. "நீங்களும் வேலைதானே?" என்று கேட்டார்கள், "ஓம்" என்றாள்.

எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ட்ரக் ஓடுபவர், ஊபர் ஓடுபவர், ரியல் எஸ்டேட் ஏஜென்ட், தன் பேரில் கம்பனி பதிந்து ஐரி கொன்ட்ராக்ட் செய்பவர், வீட்டிலிருந்து கேக் செய்பவர். இவர்களுக்கு இந்தக் காப்புறுதி பெரும்பாலும் வெறும் கட்டணம்தான்.

அவள் வங்கிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். சான்றிதழின் தகுதிப் பந்தியை அப்படியே காட்டி, சேர்ந்த நாளிலேயே எனக்குத் தகுதி இருக்கவில்லை, கட்டியதைத் திருப்பித் தாருங்கள் என்று. ஏஜென்சி ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் இணைத்தாள். ஐந்து கிழமையில் முழுப் பிரீமியமும் திரும்பி வந்தது. வராமல் இருந்திருந்தால் அடுத்த படிகளும் இருந்தன. முறைப்பாட்டைத் தீர்க்க வங்கிக்கு 56 நாள். அதற்குப் பிறகு விற்ற விதம் பற்றிய முறைப்பாட்டை ஓபிஎஸ்ஐக்குக் கொண்டுபோகலாம். 2024 நவம்பரில் இருந்து எல்லா வங்கிகளுக்கும் வெளி முறைப்பாட்டு அமைப்பு அதுதான். க்ளெய்மை மறுத்ததுதான் பிரச்சினை என்றால் அது காப்புறுதிக் கம்பனியின் விஷயம், அதற்கு ஓஎல்எச்ஐ. இரண்டும் இலவசம்.

இங்கே நடந்தது புதிதல்ல. லண்டனில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு பிபிஐ என்ற சொல் நினைவிருக்கும். பிரித்தானிய வங்கிகள் தொண்ணூறுகளிலிருந்து லோனுக்கும் கிரெடிட் கார்டுக்கும் இதே மாதிரிக் காப்புறுதியைக் கோடிக்கணக்கில் விற்றன. சுயதொழில் செய்பவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், ஏற்கெனவே நோய் உள்ளவருக்கும் விற்றன. சிலருக்குக் கேட்காமலே சேர்த்தார்கள். 2011இல் வங்கிகள் நீதிமன்றத்தில் தோற்றன. முறைப்பாடு செய்யக் கடைசி நாள் 2019 ஓகஸ்ட் 29 என்று வைத்தார்கள். மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது 3,800 கோடி பவுண்ஸ் அளவில். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் சித்தப்பாவுக்கும் வந்தது. தன்னிடம் அந்தக் காப்புறுதி இருந்ததே அவருக்குத் தெரியாது.

கனடாவில் விதிகள் ஓரளவு இறுக்கம். இந்தக் காப்புறுதி எடுத்தால்தான் கடன் தருவோம் என்று வங்கி வற்புறுத்துவது சட்டப்படி தடை. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் சேர்க்கவும் முடியாது. வேண்டாம் என்றால் லோன் கிடைக்காது என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தரமாட்டார்கள்.

கட்டாத இடங்கள்

விலக்குகள் எல்லாவற்றையும் அடுக்கினால் இரண்டு பக்கம் வரும். எங்கள் வீடுகளில் உண்மையாகத் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, முன்பே தெரிந்திருந்தால் இல்லை. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று அறிவித்த பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்தால் க்ளெய்ம் நிற்காது. ஹட்சன்ஸ் பே நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2025 மார்ச் 7 அந்தக் கம்பனி கடன்காரர் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஜூன் 1 கடைசிக் கடைகளும் மூடின. ஸ்காபரோ டவுன் சென்ரரில் இருந்ததும் போனது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அங்கே வேலை செய்த ஒருவர் ஏப்ரலில் லோன் எடுத்து இந்தக் காப்புறுதியிலும் சேர்ந்திருந்தால், செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. தெரியாது என்று சொல்ல வழியில்லை. முதல் வருடமே சேர்ந்து பிரீமியம் கட்டி வந்தவருக்கு நிலைமை வேறு. அவருடைய வேலை எந்தக் குற்றமும் இல்லாமல் போனது, அது இந்தக் காப்புறுதி எழுதப்பட்ட காரணமேதான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, சேர்ந்த முதல் அறுபது அல்லது தொண்ணூறு நாளுக்குள் வேலை போனால் இல்லை. உங்களுக்கு முன்பே தெரிந்ததா என்று அங்கே கேட்கவே மாட்டார்கள். நாளை எண்ணுவார்கள்.

இரண்டாவது, ஒப்பந்தம் முடிவது வேலைஇழப்பு அல்ல. ஒரு வருட ஒப்பந்தம், வருடம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. வீட்டில் எல்லாரும் "வேலை போய்ட்டுது" என்றுதான் சொல்வோம். காப்புறுதி மொழியில் அது போகவில்லை, முடிந்தது. ஈஐ அதற்குக் கிடைக்கும், ஏனென்றால் ஆர்ஓஈயில் ஒப்பந்த முடிவுக்கும் A தான். லோன் காப்புறுதிக்காரர் A என்ற எழுத்தோடு நிற்க மாட்டார்கள், முதலாளி நிரப்பிய பக்கத்தையும் படிப்பார்கள். மேல்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் வருட ஒப்பந்தத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வேலைநிறுத்தமும் கதவடைப்பும். 2024 ஜூலையில் எல்சிபிஓ ஊழியர்கள் இரண்டு கிழமைக்கு மேல் வெளியே நின்றார்கள். சம்பளம் இல்லைதான், ஆனால் வேலை இருக்கிறது. அதற்கு இந்தக் காப்புறுதி கட்டாது.

நாலாவது, பிள்ளைப்பேறு விடுமுறை. இளம் பெற்றோர் இதைத்தான் அடிக்கடி கேட்கிறார்கள். வருமானம் பாதியாகக் குறைகிறது, ஆனால் அது நீங்கள் எடுத்த விடுமுறை. வேலைஇழப்பு அல்ல. நோயால் வேலை செய்ய முடியாமல் போவதும் இதில் வராது. அதற்கு ஊனக் காப்புறுதிப் பகுதி தனியாக இருக்கும், தனிப் பிரீமியம்.

ஐந்தாவது, குற்றம் சாட்டி நீக்கினால் இல்லை. இங்கே ஒரு நுணுக்கம். திறமை போதாது என்று சொல்லி, ஆனால் நோட்டிஸ் சம்பளம் கொடுத்து அனுப்புவது சட்டத்தில் காரணமில்லாத நீக்கம்தான். அப்போதும் சில முதலாளிகள் ஆர்ஓஈயில் M போடுவார்கள். நீக்கக் கடிதத்தில் "காரணமின்றி" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கடிதத்தை க்ளெய்மோடு சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு சொல் முடிவை மாற்றக்கூடியது.

யார் எடுக்கலாம்

எங்கள் வீட்டில் மோட்கேஜ் புதுப்பிக்கும் நேரம் வங்கியில் இதே கேள்வி வந்தது. என் கணவர் சொந்தமாக எலெக்ட்ரிகல் வேலை செய்கிறார். அவருக்கு இது சரிவராது என்று அங்கேயே சொல்லிவிட்டோம். எனக்குப் பத்து வருட நிரந்தர வேலை, தொழிற்சங்கம் இருக்கிறது, வேலை போனாலும் செவெரன்ஸ் வரும். ஆறு மாதத் தவணைக்காக மாதம் அறுபதுக்கு மேல் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காசு சேமிப்புக் கணக்கில் இருந்தால் மோட்கேஜ் மட்டுமல்ல, ஹைட்ரோ பில்லும் கட்டும்.

ஆனால் கையில் இரண்டு மாதச் செலவுக்கு மேல் சேமிப்பில்லாத, நிரந்தர வேலையில் இருக்கிற, ஆனால் அந்தக் கம்பனியின் நிலை அவ்வளவு உறுதியில்லாத ஒருவருக்கு இது பொருந்தும். தம்பி சரியாக அந்த ஆள். எடுப்பவர்கள் சான்றிதழில் நாலு வரியை மட்டும் தேடுங்கள்: நான் தகுதியுள்ள வேலைக்காரனா, காத்திருப்பு எத்தனை நாள், அது முடிந்தால் பின்னுக்குப் போய்க் கட்டுமா, ஒரு தரத்துக்கு எத்தனை மாதம். சேர்ந்த பிறகு யோசித்து விலகவும் முடியும். பெரும்பாலான சான்றிதழ்களில் குறிப்பிட்ட சில கிழமைக்குள் விலகினால் கட்டியது முழுக்கத் திரும்பி வரும். அந்த நாளையும் அதே தாளில் பாருங்கள். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், லோனுக்கு ஒன்றும் ஆகாது. பிரீமியம் முழுவதையும் முன்கூட்டியே லோனோடு சேர்த்திருந்தால் மட்டும் கவனம். அப்போது நீங்கள் காப்புறுதிக்கும் வட்டி கட்டுகிறீர்கள். நிறுத்தும்போது மிச்சம் எப்படித் திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள்.

தம்பி இன்னும் அந்தக் காப்புறுதியை வைத்திருக்கிறான். நான் நிறுத்தச் சொன்னேன். ஒரு க்ளெய்ம் எடுத்தவர் புது வேலையில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால்தான் மறுபடி க்ளெய்ம் போடலாம் என்று அவனுடைய சான்றிதழில் இருக்கிறது. அந்த ஆறு மாதமும் பிரீமியம் போனது, பாதுகாப்பு இருக்கவில்லை. "கணக்குப் பார்த்தால் நீங்கள் சொல்றது சரி அக்கா," என்றான். "ஆனா போன கோடையில எல்லா பில்லையும் பார்க்கப் பயமா இருந்தது. வான் தவணை ஒண்டைத்தான் பயமில்லாமப் பார்த்தனான்."

மாதம் 19 டொலர் 44 சதத்துக்கு அது அதிகமா குறைவா என்று நான் அவனோடு வாதாடவில்லை. அவன் மனைவியின் பெயரில் போன மற்ற 19 டொலர் 44 சதம் நின்றுவிட்டது, அது போதும்.